ஆறு பேர் சொன்ன திருத்தம், ஒரு சாம்பார் பொடிப் பை

ஈரோட்டுப் பக்கம் ஒரு குடும்ப மசாலா நிறுவனம். 200 கிராம் சாம்பார் பொடிப் பைக்குப் புது வடிவமைப்பு செய்துகொடுக்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டாவது வடிவத்தை ஒரு வியாழக்கிழமை காலை அனுப்பினேன். சனிக்கிழமை மாலைக்குள் ஆறு பேரிடமிருந்து பதில் வந்துவிட்டது. முதலாளி ஐயா போனில் பேசினார். அவர் மகன், எல்லோரும் சின்னவர் என்பார்கள், பி.டி.எஃப். மேலேயே குறிப்பெழுதி அனுப்பினார். மசாலா பக்குவம் முழுக்கத் தெரிந்த அம்மா மூன்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். விற்பனை மேலாளர் அச்சடித்த தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். தரக் கட்டுப்பாட்டு மேடம் மின்னஞ்சலில் எண் போட்டு எழுதியிருந்தார். ஆறாவது ஆள் பேக்கிங் பொறுப்பாளர். அவர் எனக்கு நேரடியாகச் சொல்லவில்லை, விற்பனை மேலாளரின் வாய்ஸ் மெசேஜில் பின்னால் நின்று பேசுவது கேட்டது.

ஐயா பெயரைப் பெரிதாக்கச் சொல்கிறார். சின்னவர் லோகோவைச் சின்னதாக்கச் சொல்கிறார். அம்மாவுக்குப் பழைய சிவப்பு வேண்டும், சின்னவருக்குச் சந்தன நிறம் வேண்டும். பின்பக்கம் எழுத்து அதிகம் என்று ஒருவர், இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று இன்னொருவர்.

இதே மாதிரி ஒரு வேலையில் முன்பு ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். அப்போது வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போனேன். முரண்பட்ட இடத்தில் நடுவில் ஒரு அளவை வைத்தேன். பெரிதாகக் கேட்டவருக்கும் சின்னதாகக் கேட்டவருக்கும் சேர்த்து ஒரு நடுத்தர லோகோ. இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டு, 'நான் சொன்னதைச் செய்யவே இல்லையே' என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

அதனால் இந்த முறை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டிசைன் பைலைத் திறக்கவே இல்லை. கூகுள் ஷீட்டில் ஒரு தாள் மட்டும் திறந்தேன்.

முதல் வேலை, சொன்னதைச் சொன்னபடியே ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுவது. வாய்ஸ் மெசேஜ்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். பக்கத்தில் யார் சொன்னது, எங்கே சொன்னது, பையின் எந்தப் பகுதியைப் பற்றியது என்று மூன்று கட்டங்கள். வாய்ஸ் மெசேஜ் என்றால் எத்தனையாவது நிமிடம் என்பதையும் குறித்தேன். என் வார்த்தையில் சுருக்கி எழுதும் ஆசை வரும், அதை அடக்க வேண்டும். 'கலர் டல்லா இருக்கு' என்பதை நான் 'நிறத்தை மாற்ற வேண்டும்' என்று எழுதிவிட்டால் என் ஊகம் அவர் சொன்னதாக ஆகிவிடும். அடுத்த நாள் எனக்கே வித்தியாசம் தெரியாது. (அம்மா 'டல்' என்று சொன்னது அவருடைய போனில் வெளிச்சம் குறைத்து வைத்திருந்ததால். அது பிறகுதான் தெரிந்தது.)

ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று விஷயங்கள் ஒட்டிக்கொண்டு வரும். 'போட்டோ நல்லா இருக்கு, ஆனா கிண்ணம் பெருசு, எடை எங்கேன்னே தெரியல' என்பது மூன்று வரி. பாராட்டையும் ஒரு வரியாக எழுதிவைத்தேன். போட்டோ நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதை மறந்துவிட்டு இன்னொருவருக்காக அதை மாற்றினால் புதிதாக ஒரு சண்டை கிளம்பும். பிரித்து எழுதியதில் 52 வரி வந்தது. ஒரே விஷயத்தைச் சொன்ன வரிகளைச் சேர்த்ததில் 34 ஆனது. சேர்க்கும்போது எதையும் அழிக்கவில்லை, மூன்று பேர் சொன்னது என்றால் மூன்று பேர் வார்த்தையும் அந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கும்.

அந்த 34-இல் ஒன்றோடு ஒன்று மோதுபவை ஆறு ஜோடி. பார்த்ததும் மலைப்பாக இருந்தது. ஆனால் இரண்டு ஜோடி அரை மணி நேரத்தில் காணாமல் போனது, அதுவும் வெட்கப்படும் காரணத்தால். விற்பனை மேலாளர் வட்டம் போட்டிருந்த தாள் `sambar_200g_v1.pdf`. மற்றவர்கள் பார்த்தது `sambar_200g_v2.pdf`. போன வாரம் அலுவலகத்தில் யாரோ அச்செடுத்து மேசையில் வைத்த தாளில் அவர் எழுதியிருக்கிறார். எடை தெரியவில்லை என்றது முதல் வடிவத்தைப் பற்றி, இரண்டாவதில் நான் அதை ஏற்கெனவே பெரிதாக்கியிருந்தேன். எடை ரொம்பப் பெரிது என்று சின்னவர் சொன்னது இந்த இரண்டாவதைப் பற்றி. அன்றிலிருந்து வடிவ எண்ணைப் பைலின் பெயரில் மட்டும் வைப்பதில்லை. பையின் வெட்டுக்கோட்டுக்கு வெளியே, தாளின் ஓரத்தில், தேதியோடு கொட்டை எழுத்தில் அச்சாகும்படி வைக்கிறேன். படம் எடுத்து அனுப்பினாலும் எந்த வடிவம் என்று தெரிந்துவிடும்.

அடுத்து லோகோ. இதை நான் நேராக முடிவுக்கு அனுப்பியிருந்தால் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் நின்றிருப்பேன். அதற்குப் பதில் இருவரையும் தனித்தனியாக அழைத்து ஒரே கேள்வி கேட்டேன்: 'எங்க வெச்சுப் பாத்தீங்க, பாத்தப்ப என்ன இடைஞ்சலா இருந்துச்சு?' எப்படி மாற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. மாற்றும் வழியைக் கேட்டால் எல்லோரும் தீர்வு சொல்வார்கள், தீர்வுகள்தான் மோதுகின்றன.

ஐயா சொன்னார்: "தம்பி, கடையில மேல் அலமாரில வெச்சுப் பாத்தேங்க. கல்லாப் பக்கம் நின்னா பேரு படிக்க முடியல." சின்னவர் லேப்டாப்பில் திரை நிறையப் பார்த்திருக்கிறார். லோகோவைச் சுற்றியுள்ள கொடி வேலைப்பாட்டு வளையம் மொத்த முகப்பையும் அடைத்துக்கொண்டு நெரிசலாக இருக்கிறது என்பதுதான் அவருடைய குறை. ஒருவர் எழுத்தைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் வளையத்தைப் பற்றி. இரண்டுக்கும் அவர்கள் வைத்த பெயர் லோகோ. வளையத்தை எடுத்துவிட்டு உள்ளே இருந்த எழுத்தைப் பெரிதாக்கினால் லோகோ பிடிக்கும் இடம் குறைகிறது, பெயரும் தூரத்திலிருந்து தெரிகிறது. பட்டியலில் இரண்டு வரிகள் ஒரே வேலையாக மாறின. இது நடுவில் ஒரு அளவை வைப்பது போல இல்லை, இரண்டு பேர் கேட்டதும் முழுதாகவே கிடைத்தது.

பார்கோடும் இதே கதைதான். சின்னவர் அது அசிங்கமாக இருக்கிறது, சின்னதாக்கிப் பழுப்பு நிறத்தில் வெள்ளைக் கோடாகப் போடலாம் என்றார். விற்பனை மேலாளர் போன தடவைப் பை சூப்பர் மார்க்கெட்டில் ஸ்கேன் ஆகாமல் திரும்பி வந்ததைச் சொன்னார். விசாரித்தால் சின்னவருக்கு உறுத்தியது பார்கோடு செய்முறைக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. கீழ் மூலைக்கு நகர்த்தினால் போதும். வெள்ளைக் கட்டத்தில் கறுப்புக் கோடு என்பது மாறாது. இ.ஏ.என்-13 பார்கோடு முழு அளவில் ஓரத்து வெற்றிடத்தையும் சேர்த்து சுமார் 37 மி.மீ. அகலம், 26 மி.மீ. உயரம். 80 சதவீதத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது, அதாவது கிட்டத்தட்ட 30-க்கு 21 மி.மீ. இந்த எண்ணைச் சொன்னதும் பேச்சு முடிந்தது.

மீதி இரண்டு ஜோடி. அதற்கு முன்னால் தரக் கட்டுப்பாட்டு மேடத்தின் மின்னஞ்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஆறு விஷயம் எழுதியிருந்தார், எல்லாவற்றுக்கும் கீழே 'கட்டாயம்' என்று இருந்தது. கட்டாயம் என்றால் விவாதத்துக்கு வெளியே, அதை யாருடைய விருப்பத்தோடும் எடை போட முடியாது. அதனாலேயே அந்த முத்திரையை எளிதில் குத்தக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எந்த விதி என்று மரியாதையாகக் கேட்டேன். மேடம் கோபப்படவில்லை, உடனே எடுத்துக் காட்டினார். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னத்தோடு 14 இலக்க உரிம எண், சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், 100 கிராமுக்கான ஊட்டச்சத்து விவரம், நுகர்வோர் தொடர்பு விவரம், இந்த நான்கும் ஏற்கெனவே பையில் இருந்தன, சின்னத் திருத்தம்தான். ஐந்தாவதுதான் புதிது: ஒவ்வாமை அறிவிப்பு. சாம்பார் பொடியில் கோதுமை எங்கே என்று நானும் முழித்தேன். இவர்கள் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. அதனால் 'கோதுமை உள்ளது' என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆறாவது, பையைத் திறந்த பிறகு எத்தனை நாளில் பயன்படுத்த வேண்டும் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுவது. தடித்த எழுத்து விதி இல்லை, ஒரு பெரிய வாடிக்கையாளரின் விருப்பம் என்று அவரே சொல்லிவிட்டார். அது விருப்பப் பட்டியலுக்குப் போனது.

சரி, ஐந்து வரி கட்டாயம். சின்னவரோ பின்பக்க எழுத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். அதே பின்பக்கத்தில் அம்மாவுக்குப் பாட்டி காலத்து மசாலா இடித்த கதை எட்டு வரி வேண்டும், சாம்பார் செய்முறையும் வேண்டும். மீதியிருந்த இரண்டில் முதல் ஜோடி இதுதான், கதை வேண்டும் என்பதும் எழுத்து குறைய வேண்டும் என்பதும். இரண்டாவது நிறம்.

இவை கேள்வி கேட்டுக் கரையும் முரண்கள் இல்லை. உண்மையிலேயே இரண்டு பேருக்கு இரண்டு வேறு ஆசை. நான் தீர்க்கக் கூடாது, எனக்கு அந்த அதிகாரமும் இல்லை. யாருக்கு இருக்கிறது? 'இறுதி முடிவு யாருடையது' என்று ஒரு குடும்ப நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் 'பேசி முடிவு பண்ணலாம்' என்பார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன்: 'சிலிண்டர் செய்யக் கொடுக்கிறதுக்கு முன்னாடி புரூஃபில கையெழுத்து யாருங்க போடுவாங்க?' பிளாஸ்டிக் பை கிராவூர் முறையில் அச்சாகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சிலிண்டர் என்னும் உலோக உருளை செதுக்குவார்கள், அதற்குத்தான் பெருஞ்செலவு. செலவுக்குக் கையெழுத்துப் போடுபவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஐயாதான்.

ஐயாவிடம் 'என்ன நிறம் வேண்டும்' என்று கேட்கவில்லை. இரண்டு படம் கொண்டுபோனேன். பக்கத்து மளிகைக் கடை அலமாரியைப் படம் எடுத்து, அதில் ஒன்றில் சிவப்புப் பை, ஒன்றில் சந்தன நிறப் பை. கீழே இரண்டே வரி. சிவப்பென்றால் பழைய பையோடு சேர்ந்து நிற்கும், பக்கத்து நிறுவனத்தின் சிவப்பிலும் கலந்துவிடும். சந்தனமென்றால் தனியாகத் தெரியும், ஆனால் பழைய இருப்பு தீரும்வரை ஒரே பொருள் இரண்டு நிறத்தில் கடையில் இருக்கும். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "பழசு எத்தனை மூட்டை இருக்கும்?" என்று மேலாளரைக் கேட்டார். பிறகு சிவப்பே இருக்கட்டும் என்றார். சின்னவர் அங்கேயே இருந்தார், காரணம் காதில் விழுந்ததால் முகம் சுளிக்கவில்லை.

கதைக்கும் அப்படியே. ஏ4 தாளில் பின்பக்கத்தை நிஜ அளவில் அச்செடுத்து, கட்டாய வரிகளை மட்டும் வைத்துவிட்டு மீதி இடத்தை வெள்ளையாக விட்டேன். கதை எட்டு வரியும் செய்முறையும் தனித்தனித் துண்டுச்சீட்டு. இரண்டில் ஒன்றுதான் படிக்கிற அளவில் அடங்கும். ஐயா அதைப் பார்த்துவிட்டு, "இத அம்மாகிட்டயே கேட்டுருங்க" என்றார். அம்மா இரண்டு துண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "கதைய எடுத்துருங்க தம்பி. செய்முறை இல்லாட்டி புதுசா கல்யாணமான புள்ளைக என்ன பண்ணும்?" வாய்ஸ் மெசேஜில் இதே அம்மா கதை கட்டாயம் வேண்டும் என்று இரண்டு நிமிடம் பேசியிருந்தார். ஒன்றை வைத்தால் மற்றது போகும் என்பது அப்போது அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் முடிந்த பிறகும் கையில் இருப்பது ஒரு குவியல். எதை முதலில் செய்வது? ஐயா சொன்னதையா, சுலபமானதையா, அதிகம் பேர் சொன்னதையா? நான் வைத்துக்கொண்ட ஒரே கேள்வி: இதைப் பிறகு செய்தால் வேறு எந்த வேலை வீணாகும்?

அந்தக் கேள்வியோடு ஷீட்டை மேலிருந்து கீழாகப் படித்தபோது 31-ஆவது வரியில் நின்றுவிட்டேன். வாய்ஸ் மெசேஜில் பின்னால் கேட்ட பேக்கிங் பொறுப்பாளரின் குரல். 'மேல சீலு அடிக்க எடம் பத்தல, பேரு மேலயே வந்து உக்காருது.' முதல் தடவை கேட்டபோது அதை ஒரு புலம்பலாகத்தான் எழுதியிருந்தேன். அவரை அழைத்துப் பேசினேன். புது பேக்கிங் இயந்திரத்தின் சீல் தாடை பழையதைவிட அகலம். பையின் உயரம் 200 மி.மீ. போதாது, 210 வேண்டும். தேதியும் பேட்ச் எண்ணும் அடிக்க வெள்ளைக் கட்டம் ஒன்றும் இயந்திரத்தின் தலைக்கு நேராக வர வேண்டும். அதாவது பையின் அளவே மாறுகிறது. வந்த வரிசையில் செய்திருந்தால் முப்பது திருத்தம் முடித்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி நகர்த்திக்கொண்டிருந்திருப்பேன். ஆறு பேரில் சத்தம் குறைந்த ஆள் சொன்னது பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

பிறகு வரிசை தானாக அமைந்தது. பை அளவும் சீல் இடமும் தேதிக் கட்டமும் முதலில். அடுத்து கட்டாய வரிகள், ஏனென்றால் அவை எவ்வளவு இடம் எடுக்கும் என்று தெரியாமல் பின்பக்கத்தைத் தொட முடியாது. மூன்றாவது நிறம். அது முடிவாகாமல் படத்தின் விளிம்பு, எழுத்தின் நிறம் எதுவும் நிலைக்காது. அப்புறம் முகப்பு, செய்முறை, பார்கோடு இடம். எழுத்துப் பிழைகள் கடைசியில். பிழையை உடனே திருத்திவிடலாமே என்று கை துறுதுறுக்கும், ஆனால் அந்தப் பத்தியே பிறகு மாறும்போது பழைய பிழை மறுபடி நுழைந்துவிடும். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

வரிசையில் இன்னொரு நுணுக்கமும் சேர்த்தேன். நாளைக்கு மாற வாய்ப்புள்ள எழுத்துகள், முகவரி, தொலைபேசி எண், உரிம எண், எல்லாவற்றையும் கறுப்பில் மட்டும் வைத்தேன். அவற்றில் ஏதாவது மாறினால் கறுப்பு சிலிண்டர் ஒன்றை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். அதையே போட்டோவுக்குள் வெள்ளை எழுத்தாக விட்டிருந்தால், அந்த இடத்தில் உள்ள ஒவ்வொரு நிறத்தின் சிலிண்டரிலும் அந்த எழுத்து வெற்றிடமாக இருக்கும், அத்தனையும் மாற்ற வேண்டும்.

பட்டியலின் ஒரு வரி இறுதியில் இப்படி இருந்தது: '7. முகப்பில் கொடி வளையத்தை நீக்கி, பெயர் எழுத்தைப் பெரிதாக்குதல். மூன்று மீட்டர் தூரத்தில் படிக்க வேண்டும். 3-க்குப் பிறகு.' என்ன செய்வது, முடிந்ததா என்று எப்படித் தெரியும், எதற்குப் பிறகு. 'லோகோவைச் சரிசெய்தல்' என்று எழுதினால் அது முடிந்ததா இல்லையா என்று அடுத்த சுற்றிலும் பேசிக்கொண்டிருப்போம்.

செய்யாமல் விட்டவையும் உண்டு, ஐந்து. அவற்றை 'அடுத்த முறை' என்று தனித் தாளில் காரணத்தோடு வைத்தேன். பட்டியலை ஆறு பேருக்கும் அனுப்பும்போது இந்தத் தாளையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். சொன்னது காதில் விழவில்லை என்று நினைப்பவர் அடுத்த சுற்றில் அதையே சத்தமாகச் சொல்வார். காரணத்தோடு எழுதிக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அனுப்பும்போது 'யார் சொன்னது' கட்டத்தை எடுத்துவிடுவேன். முன்பு ஒரு வாடிக்கையாளருக்கு அந்தக் கட்டத்தோடு அனுப்பிவிட்டேன். அப்பா தேர்ந்தெடுத்த படத்தைப் பற்றி மகன் 'பழைய காலண்டர் மாதிரி' என்று எழுதியது அதில் அப்படியே இருந்தது. அந்த வேலை ஒன்றரை மாதம் நகரவில்லை. சொன்னபடியே எழுதிய தாள் என்னுடைய கோப்பில் மட்டும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை வரை நேரம், அதற்குள் மறுப்பு வராவிட்டால் இந்த வரிசையில் தொடங்குகிறேன் என்று எழுதினேன். சின்னவர் ஒரு வரியை மட்டும் கேட்டார், தரக் கட்டுப்பாட்டு மேடம் ஒரு சொல்லைத் திருத்தினார். அடுத்த வாரம் புதன்கிழமை `sambar_200g_v3.pdf` போனது. அதற்கு வந்த திருத்தங்கள் நான்கு, அதில் ஒன்றுகூட இன்னொன்றோடு மோதவில்லை. ஐயா புரூஃபில் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையில் அழைத்தார். "தம்பி, ஒரு சின்ன விசயம்ங்க, அந்தக் கிண்ணத்துல ரெண்டு முருங்கக்காய் சேத்துப் போட்டா?" சிலிண்டர் வேலை தொடங்கிவிட்டது என்றேன். சரி சரி, எழுதி வைங்க என்றார். 'அடுத்த முறை' தாளில் ஆறாவது வரி.